அப்பாவுக்குக் கொடுக்கும் வாடகை

அம்மாவுக்கு வாடகை கொடுத்ததாகச் சொல்லி, வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்டார் ஒரு பெண் ஊழியர். மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2017-இல் அதை மறுத்தது. தாய்க்கு வாடகை கொடுப்பது குற்றமில்லை. ஆனால் ஒப்பந்தமில்லை, பணம் ரொக்கமாகப் போனதாகச் சொல்லப்பட்டது, அவர் அங்கே குடியிருந்தார் என்பதற்கே சான்றில்லை.

மதுரையில் அப்பாவின் பெயரிலுள்ள வீட்டில் மகன் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய், வாடகைப் படி 20,000, வாடகை 15,000. பழைய வரிமுறையில் இருந்தால், வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதம் போக மிஞ்சும் 10,000 ரூபாய்க்கு மாதாமாதம் விலக்கு உண்டு.

அந்த 15,000 எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியக் கேள்வி. அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு வெளியார் கொடுக்கும் தொகை அதுவென்றால் சிக்கலில்லை. விலக்கைக் கூட்டுவதற்காக 30,000 என்று எழுதினால் சந்தேகம் அங்கேயே தொடங்கும். பக்கத்து வீட்டு வாடகை ஒப்பந்த நகலோ, விளம்பரமோ எடுத்து வைப்பது நல்லது.

வாடகை மாதந்தோறும் வங்கி வழியாகவே போகட்டும். போன பணம் மறுவாரமே மகன் கணக்குக்குத் திரும்பினால் ஒப்பந்தத்தாள் காப்பாற்றாது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அப்பாவின் பான் எண்ணை அலுவலகத்தில் தர வேண்டும். அப்பாவும் 1,80,000 ரூபாயைத் தன் வரிக்கணக்கில் காட்ட வேண்டும். அவர் கட்டிய சொத்து வரி போக மீதியில் முப்பது சதவீதம் அவருக்குக் கழிவு.