மோகனூரிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

திருமண வீடியோ முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கனடாவில் இருக்கும் அக்காவுக்கு மோகனூரிலிருந்து தபாலில் அனுப்ப வேண்டும். பலருக்கும் முதலில் வரும் பயம், விமான நிலைய ஸ்கேனர் எல்லாவற்றையும் அழித்துவிடுமோ என்பது. அழிக்காது. டிஸ்க்கில் தகவல் காந்தப் பதிவாக இருக்கிறது; எக்ஸ் கதிருக்கு அதைத் திருப்பிப்போடும் திறன் இல்லை. எழுதும் முனையை நகர்த்தும் வலுவான காந்தமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, தகவலோ பத்திரமாக நிற்கிறது.

பயப்பட வேண்டியது கீழே விழுவதற்குத்தான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் ஒரு மில்லிமீட்டரில் நின்றால், புவியீர்ப்பைப்போல் சராசரியாக 1000 மடங்கு அதிர்ச்சி தாக்கும். அதுவே இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் 40 மடங்குதான். உச்சத்தில் அதைப்போல் இரு மடங்கு இருக்கலாம். அணைத்து வைத்த மேசைக் கணினி டிஸ்க் சுமார் 300 மடங்கு வரை தாங்கும். சின்ன 2.5 அங்குல டிஸ்க் இன்னும் அதிகம் தாங்கும். ஆகவே பேக்கிங்கின் வேலை ஒன்றே: நிற்பதற்கு இடம் கொடுப்பது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மிக மென்மையான பஞ்சு நல்லதென்று நினைப்போம். அது விழும்போது முழுக்க நசுங்கி, டிஸ்க் அட்டைச் சுவரிலேயே போய் மோதும். கெட்டியான தெர்மாகோலோ போதிய அளவு அமுங்காது. டிஸ்க்கை வைத்தால் லேசாக மட்டும் பதிந்து, எடுத்ததும் பழையபடி எழும் ஃபோம் ஷீட்தான் சரி. ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது இருக்கட்டும். நாமக்கல் முட்டை அட்டை ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் குழியில் பிடித்துக்கொள்வதைப்போல, டிஸ்க்கும் தன் இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது.

முதலில் நிலைமின்சாரம் தடுக்கும் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்து மூடுங்கள். ஃபோமோடு சிறிய அட்டைப்பெட்டியில் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் இடைவெளி நிரப்பி வையுங்கள். கேபிளை டிஸ்க்கின் மேல் வைக்காதீர்கள். விழும்போது அதன் முனையே குத்தும். பவர் பேங்க் எதையும் கூடவே வைக்காதீர்கள்; லித்தியம் பேட்டரி இருந்தால் பார்சல் நின்றுவிடும். சுங்கப் படிவத்தில் பொருளையும் மதிப்பையும் உள்ளபடி எழுதுங்கள்.

அனுப்பும் முன் முக்கியக் கோப்புகளுக்கு விண்டோஸில் இந்தக் கட்டளையைக் கொடுத்து, வரும் நீண்ட எண்ணை அக்காவுக்கு அனுப்புங்கள்:

```
certutil -hashfile video.mp4 SHA256
```

குளிர்காலத்தில் டிஸ்க் போய்ச் சேர்ந்தால் உடனே செருகக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். உறையைப் பிரிக்காமல் வீட்டுக்குள் சில மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு இணைக்கட்டும். டிக் டிக்கென்று அடித்தால் உடனே துண்டிக்க வேண்டும். மறுபடி ஓட்டினால் உடைந்த முனை தட்டைக் கீறக்கூடும். சத்தமில்லாமல் ஓடினால் அதே கட்டளையை அங்கேயும் கொடுத்துப் பார்க்கட்டும். இரண்டு எண்களும் பொருந்தும்வரை மோகனூரில் இருக்கும் நகலை அழிக்க வேண்டாம்.