எப்போது வாங்குவது, எதுவரை வாங்குவது: ரொட்டவேட்டர் கத்தி இருப்பின் கணக்கு

மன்னார்குடி போன்ற காவிரிப் படுகை நகரங்களில் டிராக்டர் உதிரிபாகங்கள் விற்கும் கடைகள் எதிர்கொள்ளும் இருப்புச் சிக்கலுக்கு ரொட்டவேட்டர் கத்தி நல்ல எடுத்துக்காட்டாகும். நீர் நின்ற வயலில் மண்ணைக் கிளறிச் சேறாக்கும் இக்கருவியின் அச்சில் வட்டத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு தகட்டுக்கு ஆறு கத்திகள் என்ற அமைப்பில், ஐந்தடிக் கருவிக்குப் பெரும்பாலும் 36 கத்திகளும் ஆறடிக் கருவிக்கு 42 கத்திகளும் தேவைப்படும். வேலையின் நடுவே ஒன்றிரண்டு முறிந்தால் உரிமையாளர் நான்கைந்து கத்திகளை வாங்கிச் செல்வார். எல்லாமே தேய்ந்துவிட்டால், புதியதும் பழையதும் கலந்த அச்சு சமநிலை இழந்து அதிரும் என்பதால், முழு செட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவார். ஆகவே கடைக்குப் பல நாட்கள் ஒரு கத்திக்கும் கேள்வி இராது. திடீரென ஒரு நாள் 36 கத்திகள் ஒரே பில்லில் போகும். இடைவெளி விட்டும் அளவில் பெரிதும் மாறியும் வருகிற இத்தகைய தேவையைத் திட்டுத்திட்டான தேவை எனலாம்.

இருப்பை நிரப்புவதற்குப் பல கடைகளும் கிடங்குகளும் கைக்கொள்ளும் முறை மின்-மாக்ஸ் எனப்படும். இதில் இரண்டு எண்கள் உண்டு. இருப்பு எந்த அளவைத் தொட்டாலோ அதற்குக் கீழே இறங்கினாலோ ஆர்டர் போட வேண்டுமோ அது மறுஆர்டர் மட்டம். அப்போது இருப்பை எந்த அளவுவரை உயர்த்தும்படி வாங்க வேண்டுமோ அது உச்ச மட்டம். ஆர்டரின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். உச்ச மட்டத்துக்கும் அந்நேர இருப்புக்கும் உள்ள வேறுபாடே ஆர்டர். கென்னத் ஆரோ, தியோடர் ஹாரிஸ், ஜேக்கப் மார்ஷாக் ஆகிய மூவரும் 1951-இல் இம்முறையைக் கணிதமாக ஆராய்ந்தனர். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு நிலையான செலவு உள்ள சூழலில், சில பொதுவான நிபந்தனைகளின் கீழ், இதைவிடச் செலவு குறைந்த முறை இருக்க இயலாது என்பதை ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் 1960-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். ஆயினும் முறை சரியானது என்பது வேறு, அந்த இரண்டு எண்களும் சரியானவை என்பது வேறு. திட்டுத்திட்டான தேவையில் தவறு நேர்வது பெரும்பாலும் எண்களைத் தேர்வதில்தான்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கடையைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். உழவுப் பருவத்தின் 100 வேலை நாட்களில் 80 நாட்கள் கத்தி விற்பனையே இல்லை. 12 நாட்களில் நாளுக்கு 4 கத்திகளும், 8 நாட்களில் நாளுக்கு 36 கத்திகள் கொண்ட ஒரு செட்டும் போகின்றன. மொத்தம் 336 கத்திகள். நாள் சராசரி 3.36. திருச்சி மொத்த வியாபாரியிடம் ஆர்டர் சொன்னால் பார்சல் வந்துசேர ஐந்து வேலை நாட்கள் ஆகின்றன என்று கொண்டால், அந்தக் காத்திருப்புக் காலத்தின் சராசரித் தேவை ஏறத்தாழ 17 கத்திகள். சீராக விற்கும் பொருளுக்குப் பழகியவர் இதனோடு சிறிது பாதுகாப்பு சேர்த்து மறுஆர்டர் மட்டத்தை 20 என்று வைத்துவிடுவார். இந்த 20 எந்த வாடிக்கையாளரின் தேவையோடும் பொருந்தாத எண். கையில் 24 கத்திகள் இருக்கும்போது ஆர்டர் போடத் தேவையில்லை என்று ஏடு சொல்லும். அதே நேரம் முழு செட் கேட்டு வருபவருக்கு அந்த 24 கத்திகளால் பயன் எதுவும் இல்லை. நாற்று காத்திருக்க, வாடகை டிராக்டர் வயலில் நிற்க, அவர் நேரே திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போய்விடுவார்.

சராசரி மறைக்கிற இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. ஒன்றிரண்டாக விற்கும் பொருளின் இருப்பு மறுஆர்டர் மட்டத்தைச் சரியாகத் தொட்டு நிற்கும். திட்டுத்திட்டாக விற்கும் பொருளின் இருப்போ அதைத் தாண்டிக் கீழே பாயும். இந்தக் கீழ்ப்பாய்ச்சலைக் கணக்கில் கொள்ளாத பாடநூல் சூத்திரங்கள் இங்கே ஏமாற்றும். விற்ற 336 கத்திகளில் 288 முழு செட்டாகப் போனவை என்பதால், எந்த மட்டத்தை வைத்தாலும் ஏழில் ஆறு முறை அதைக் கடக்கச் செய்யும் விற்பனை முழு செட் விற்பனையாகவே இருக்கும். அது மட்டத்தை எந்த இடத்தில் வெட்டும் என்று சொல்ல இயலாததால், சராசரியாக அரை செட், அதாவது ஏறத்தாழ 18 கத்திகள், மட்டத்துக்குக் கீழே போய்விடும். எப்போதாவது நான்கு கத்தி வாங்குபவர் மட்டத்தைக் கடக்கச் செய்வதையும் சேர்த்தால் சராசரிக் கீழ்ப்பாய்ச்சல் 15 அல்லது 16 ஆகும். ஒவ்வொரு விற்பனை அளவின் வர்க்கத்தையும் கூட்டி, அதை மொத்த விற்பனையின் இருமடங்கால் வகுத்தாலும் இதே எண் கிடைக்கும் என்பதால், வெவ்வேறு அளவுகளில் விற்கும் பொருளுக்கு அந்த வழி எளிது.

ஆகவே மறுஆர்டர் மட்டம் காத்திருப்புக் காலத் தேவையோடு கீழ்ப்பாய்ச்சலையும் தாங்க வேண்டும். மட்டத்தை 48 என்று வைத்துப் பார்த்தால், ஆர்டர் போடும் நேரத்தில் ஏறத்தாழ பாதி முறை இருப்பு 36-க்கும் கீழே கிடக்கும். பார்சல் வருவதற்குள் ஒரு முழு செட் கேள்வி வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இவற்றோடு இரண்டு செட் கேள்வி வரக்கூடிய வாய்ப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ ஐந்து ஆர்டருக்கு ஒரு முறை செட் கேட்டவர் வெறுங்கையோடு திரும்புவார். மட்டத்தை 72 என்று வைத்தால் நிலைமை மாறுகிறது. கையிருப்பு 76 ஆக இருக்கையில் ஒரு செட் போனாலும் 40 மிஞ்சும். எனவே மிக மோசமான கீழ்ப்பாய்ச்சலுக்குப் பிறகும் அடுத்த செட் வாடிக்கையாளருக்குக் கத்தி உண்டு. ஐந்து நாட்களுக்குள் இரண்டு செட் கேள்வி வந்தால்தான் பெரும்பாலும் தட்டுப்பாடு ஏற்படும். அது இருபதில் ஒரு முறையே நேரும். இங்கே மட்டத்தைச் செட்டின் மடங்காக எண்ணியதே பலன் தந்தது. திட்டுத்திட்டான தேவைக்கு, எத்தனை நாள் தேவை என்று கேட்பதைவிட எத்தனை பெரிய வாடிக்கையாளர்களுக்கு இருப்பு வேண்டும் என்று கேட்பதே பொருத்தமானது.

காத்திருப்புக் காலம் நீண்டால் இந்தப் பாதுகாப்பு விரைவில் கரையும். தாளடி நடவும் தீபாவளிச் சரக்கு நெரிசலும் சேர்ந்து வரும் அக்டோபரில் பார்சல் ஐந்து நாளுக்குப் பதிலாக எட்டு நாள் எடுத்துக்கொண்டால், அதே 72 கத்தி மட்டத்தில் தட்டுப்பாடு எட்டில் ஒரு முறை என்றாகிவிடும். அந்த மாதத்துக்கு மட்டும் மட்டத்தை இன்னொரு செட் உயர்த்துவது வீண் எச்சரிக்கை ஆகாது.

உச்ச மட்டத்தைத் தீர்மானிப்பது பணக் கணக்கு. ஓர் ஆர்டருக்கான பார்சல் கட்டணம், இறக்குக்கூலி, நேரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் என்றும், ஒரு கத்தியை ஒரு மாதம் அலமாரியில் வைத்திருப்பதற்கு வட்டியும் துருவும் சேர்த்து 2 ரூபாய் 40 காசு என்றும் கொள்ளலாம். மாதத்துக்கு 25 வேலை நாட்களில் 84 கத்திகள் தேவை. தேவையை ஆர்டர் செலவாலும் இரண்டாலும் பெருக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் சிக்கன ஆர்டர் அளவு 145 என்று வரும். பலர் இதை அப்படியே மறுஆர்டர் மட்டத்தோடு கூட்டி 217 என்று உச்ச மட்டத்தை எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஆர்டர் போடும் நேரத்தில் இருப்பு ஏற்கெனவே மட்டத்துக்குக் கீழே 15 கத்திகள் இறங்கியிருக்கும் என்பதால் ஆர்டர் 160 ஆகிவிடும். எனவே அந்த 15-ஐக் கழித்து உச்ச மட்டத்தை 200 அளவில் வைப்பது பொருத்தம். இந்த எண்ணில் துல்லியம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆர்டர் அளவு கால் பங்கு கூடினாலும் இந்த இரு செலவுகளின் கூட்டுத்தொகை நூற்றுக்கு இரண்டரைதான் உயரும். கவனம் முழுவதும் மறுஆர்டர் மட்டத்துக்குச் செல்லட்டும்.

எண்கள் சரியாக இருந்தும் முறை பிழைப்பதற்கு அடிக்கடி காரணமாவது இருப்பை எண்ணும் விதம். ஆர்டர் முடிவுக்கு உரிய இருப்பு என்பது அலமாரியில் உள்ளதும் ஆர்டர் சொல்லி வழியில் வந்துகொண்டிருப்பதும் சேர்ந்த தொகை. முன்பணம் வாங்கி ஒதுக்கியதை அதிலிருந்து கழிக்க வேண்டும். அலமாரியில் 40 இருக்க 160 கத்திகளுக்கு ஆர்டர் போன பிறகு இன்னொரு செட் விற்றால் கையில் 4 மிஞ்சும். வழியில் உள்ளதை மறந்தவர் மீண்டும் 196 கத்திகளுக்கு ஆர்டர் சொல்ல, ஒரே வாரத்தில் 356 கத்திகள் வந்து இறங்கும். அவர் பார்த்திருக்க வேண்டிய எண் 164. அது 72-க்கு மிக மேலே. இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை உண்டு: கத்திகளில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறு வேறு வளைவு இருப்பதால், மொத்தம் 40 என்று ஏடு காட்டினாலும் அதில் இடக்கத்தி 29-உம் வலக்கத்தி 11-உம் இருந்தால் முழு செட் தேறாது. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் எழுதி, தனித்தனி மட்டம் வைப்பதே வழி.

விற்பனை பில்களை மட்டும் வைத்து மட்டம் குறிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. செட் கேட்டு, இல்லை என்று கேட்டுத் திரும்பியவர் பில்லில் இல்லை. 36 கேட்டு 12 மட்டும் வாங்கியவர் 12 என்றே பதிவாகிறார். இப்படித் தட்டுப்பாடே தேவையைச் சிறிதாகக் காட்ட, அதைப் பார்த்து மட்டம் குறைய, தட்டுப்பாடு மேலும் வளர்கிறது. விற்றதற்குப் பதிலாகக் கேட்டதை எழுதும் ஒரு நோட்டு இந்தச் சுழலை உடைக்கும். அதில் கேட்ட அளவையும், முந்தைய கேள்விக்குப் பின் எத்தனை நாள் கழிந்தது என்பதையும் தனித்தனியாக எழுதுவது நல்லது. இரண்டையும் கலந்து தினச் சராசரி போட்டால், ஒரு விற்பனை நடந்தவுடன் மதிப்பீடு எகிறி, பிறகு மெல்லச் சரியும் என்பதை 1972-இல் சுட்டிய க்ராஸ்டன், இவ்விரண்டையும் பிரித்தே மதிப்பிடும் முறையை முன்வைத்தார்.

இத்தனைக்கும் பிறகு டெல்டாவில் மட்டங்கள் ஆண்டு முழுவதும் ஒன்றாக நிற்க இயலாது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஆனால் 2022-இல் மே 24 அன்றும், 2024-இல் ஜூலை 28 அன்றும் திறந்தது. ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் உள்ள வயல்கள் அணைக்காகக் காத்திராவிட்டாலும், ஆற்றுநீரை நம்பிய வயல்களின் சேற்றுழவு அந்தத் தேதியோடு நகரும். எனவே மட்டங்களை உயர்த்துவதற்கு நாட்காட்டியைவிட அணையின் நீர்மட்டமும் திறப்பு அறிவிப்பும் நம்பகமான அடையாளங்கள். பருவம் முடியும்போது முதலில் குறைய வேண்டியது உச்ச மட்டம். இன்னும் 18 உழவு நாட்களே உள்ளன என்றால் எதிர்பார்க்கும் தேவை 60 கத்திகள். அந்நேரம் இருப்பை 200-க்கு நிரப்பினால் நூற்றுக்கு மேற்பட்ட கத்திகள் அடுத்த உழவுவரை துருப்பிடித்துக் கிடக்கும். எதிர்பார்க்கும் 60-உடன் ஒரு செட் சேர்த்து உச்ச மட்டத்தை 96-க்கு இறக்கினால் போதும். மறுஆர்டர் மட்டமான 72 சற்றுக் காலம் அப்படியே இருக்கலாம்; மிச்சமுள்ள நாட்கள் பார்சல் வரும் ஐந்து நாட்களை நெருங்கும்போது, புதிதாக வருவதை விற்க நேரம் இராது என்பதால், ஆர்டரையே நிறுத்திவிடலாம்.