வங்கிச் செயலி: அசல் எது, நகல் எது?

ஒரு சனிக்கிழமை மாலை. மளிகைக் கடையில் கூட்டம் நெரிகிற நேரம். கல்லாவில் இருந்த நம் உறுப்பினர் ஒருவரின் செல்போனில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தது. "உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்துள்ள பரிசுப் புள்ளிகளின் மதிப்பு 9,980 ரூபாய். இன்று இரவுக்குள் பெறாவிட்டால் காலாவதியாகும். கீழேயுள்ள செயலியைப் பதிந்து பெற்றுக்கொள்ளவும்." அடியில் ஒரு கோப்பு. அதன் பெயரில் வங்கியின் பெயர், கடைசியில் .apk என்ற எழுத்துகள்.

இதை அனுப்பியது முன்பின் தெரியாத எண் அல்ல. வணிகர்கள் ஒன்றாக இருக்கும் குழுவில், பத்து ஆண்டுகளாகப் பழகிய இன்னொரு கடைக்காரரின் எண்ணிலிருந்தே வந்தது. அவருடைய செல்போன் காலையிலேயே மோசடிக்காரர் கைக்குப் போய்விட்டது என்பது அவருக்கே தெரியாது. நம்மவரும் சந்தேகப்படவில்லை. கோப்பைத் தொட்டார். "இது தெரியாத இடத்திலிருந்து வந்தது" என்று போன் எச்சரித்தது. "அனுமதி" என்பதை அழுத்தினார். வங்கியின் சின்னத்துடன் திரை திறந்தது. பயனர் பெயர், கடவுச்சொல், ஏ.டி.எம். அட்டை எண் எல்லாம் கேட்டது, கொடுத்தார். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தார். "பரிசீலனையில் உள்ளது, 24 மணி நேரம் காத்திருக்கவும்" என்று வந்ததும், போனைக் கல்லாவில் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனித்தார்.

இரவு கடை கட்டும்போது பார்த்தால், 49,500 ரூபாய் ஒரு தடவையும் 38,000 ரூபாய் ஒரு தடவையும் போயிருந்தது. திங்கட்கிழமை பருப்பு மண்டிக்குக் கொடுக்க வைத்திருந்த பணம்.

"ஓ.டி.பி. எண்ணை நான் யாருக்கும் சொல்லவே இல்லையே!" என்பதுதான் அவருடைய புலம்பல். உண்மைதான், அவர் சொல்லவில்லை. கடவுச்சொல்லை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கியிலிருந்து வந்த ஓ.டி.பி. குறுஞ்செய்தியை அந்தப் போலிச் செயலி படித்து, அடுத்த நொடியே மோசடிக்காரருக்கு அனுப்பிவிட்டது. குறுஞ்செய்தி அனுமதிக்குப் பின்னால் இருந்த காரியம் இதுதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வங்கியின் அசல் செயலியும் குறுஞ்செய்தி அனுமதி கேட்கும். நம் கணக்கோடு இணைந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறதா என்று பார்க்க, போனிலிருந்து வங்கிக்கு அது ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். எனவே எந்த அனுமதி கேட்கிறது என்பதை மட்டும் வைத்து அசலையும் நகலையும் பிரிக்க முடியாது. சின்னம், நிறம், எழுத்து எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்துவிடலாம். இது நமக்குப் புதிதா என்ன? போலித் தேயிலைப் பாக்கெட்டை லேபிளைப் பார்த்தா கண்டுபிடிக்கிறோம்? எந்த ஏஜென்சி வண்டியில் வந்தது, பில் யார் போட்டது என்றுதானே கேட்கிறோம். செயலிக்கும் அதே கேள்விதான்: எந்த வழியாக வந்தது?

வாட்ஸ்அப், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் வழியாகக் கோப்பாக வருவது எதுவும் வங்கிச் செயலி அல்ல. அனுப்பியது சொந்தத் தம்பியானாலும் சரி. சரியான வழி வங்கியின் இணைய முகவரியிலிருந்து தொடங்குவது. இதற்கு இப்போது நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. இந்திய வங்கிகள் தங்கள் இணைய முகவரியை .bank.in என்று முடியும்படி 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. இந்த முகவரியை வங்கிகள் மட்டுமே பெற முடியும். பாரத ஸ்டேட் வங்கிக்கு sbi.bank.in என்பதைப் போல. முகவரியின் வால்தான் முக்கியம். bank.in என்பது நடுவில் வந்து, அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் வேறு பெயரும் ஒட்டியிருந்தால் அது வங்கி அல்ல.

அந்த முகவரியைப் பாஸ்புக்கைப் பார்த்தோ கிளையில் கேட்டோ உங்கள் கையாலேயே எழுதுங்கள். தேடிப் போனால் மேலே முதலில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். வங்கியின் பக்கத்தில் செயலிக்கான இணைப்பு இருக்கும்; அதைத் தொட்டால் பிளே ஸ்டோருக்குப் போகும். அங்கே செயலியின் பெயரைவிட, அதன் அடியில் சிறிய எழுத்தில் உள்ள வெளியீட்டாளர் பெயரைப் பாருங்கள். அது வங்கியின் பெயராக இருக்க வேண்டும். எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரிய வங்கியின் செயலியை ஆயிரம் பேர் மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். பிளே ஸ்டோரிலும் எப்போதாவது போலி நுழைந்துவிடுவதுண்டு. அதனால்தான் அங்கே போய்த் தேடாமல், வங்கியின் பக்கம் வழியாகப் போகச் சொல்கிறேன். ஆப்பிள் போனில் இப்படிக் கோப்பாக வரும் செயலியை எளிதில் பதிய முடியாது. போலி இணையப் பக்கம் மட்டும் அங்கேயும் வரும்.

ஏற்கெனவே போனில் இருக்கும் செயலி மீது சந்தேகமா? அமைப்புகளில் Apps பகுதிக்குப் போய் அந்தச் செயலியைத் தொட்டு, கடைசி வரை கீழே இறங்குங்கள். எங்கிருந்து பதியப்பட்டது என்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அங்கே இருக்கும். Google Play Store என்று இருந்தால் அது கடை வழியாக வந்தது. அந்த வரியே இல்லாமலோ Package installer என்றோ இருந்தால், கோப்பாக வந்தது என்று பொருள். நம் உறுப்பினரின் மகன் மறுநாள் இப்படிப் பார்த்துத்தான் உறுதி செய்தான். முகப்புத் திரையில் அந்தச் செயலியின் சின்னமே இல்லை, தன்னை மறைத்துக்கொண்டிருந்தது. Apps பட்டியலில் மட்டும் மாட்டிக்கொண்டது.

கையோடு இன்னொன்றும் செய்யலாம். அமைப்புகளில் Install unknown apps என்று தேடி, வாட்ஸ்அப்புக்கு அனுமதி இருந்தால் நீக்கிவிடுங்கள். கடைப் பையன் விளையாட்டாகத் தொட்டாலும் கோப்பு உடனே பதிந்துவிடாது. பிளே ஸ்டோரில் உள்ள Play Protect என்ற காவலை அணைக்கும்படி யாராவது தொலைபேசியில் சொன்னால், மேற்கொண்டு பேசாமல் வைத்துவிடுங்கள். அசல் செயலிக்கு அந்தக் காவலை அணைக்க வேண்டிய தேவையே இல்லை.

தவறிப் பதிந்துவிட்டால்? முதலில் அந்தப் போனின் இணையத்தை நிறுத்த வேண்டும். விமானப் பயன்முறையில் போட்டால் போதும். குறுஞ்செய்தி வருவதும் நின்றுவிடும். பிறகு வேறு போனிலிருந்து 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்ல வேண்டும். செயலியை நீக்குகிறேன் என்று அதே போனைக் குடைந்துகொண்டிருந்தால் பணம் இன்னொரு கணக்குக்குப் போய்விடும். நம்மவர் இரவே 1930ஐ அழைத்ததால், இரண்டாவதாகப் போன 38,000 ரூபாய் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. முதல் தொகையை அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

கடவுச்சொல்லை மாற்றுவதும் வேறு போனிலிருந்தோ கிளையிலோதான். பழைய போனில் மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போகும். படங்களையும் எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக்கிய பிறகே, மேலே சொன்ன வழியில் வங்கிச் செயலியை மறுபடி பதிய வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களிலும் அன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் எண்ணிலிருந்து அதே கோப்பு இந்நேரம் நாலு கடைக்குப் போயிருக்கும்.