கலியாணக் காட் என்று வந்த கோப்பு

தெமட்டகொடையில் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு சகோதரி, வீட்டிலிருந்தே தமிழ்த் தட்டச்சு செய்து பிழைக்கிறார். சொந்த ஊர் முல்லைத்தீவு. வங்கிச் செயலி, வெளிநாட்டிலிருக்கும் தம்பி அனுப்பும் காசு, பிள்ளையின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு எல்லாம் ஒரே கைத்தொலைபேசிக்குள்தான் இருக்கின்றன.

அன்று நான் போனபோது தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "மிஸ், மட்டக்களப்பு அத்தான் கலியாணக் காட் அனுப்பியிருக்கிறார். திறக்க ஏலாமல் கிடக்கு. ஏதோ அனுமதி கேக்குது."

கோப்பின் பெயர் Wedding Invitation.apk. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எழுத்துக்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அழைப்பிதழ் என்றால் jpg அல்லது pdf என்று முடியும். apk என்பது அன்ட்ரொயிட் தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவுகிற பொதி. அழைப்பிதழுக்குச் செயலி எதற்கு?

இந்த வித்தை புதிதல்ல. 2024 நவம்பரில் இந்தியாவின் இமாச்சலப் பிரதேசப் பொலிசார் இதே கலியாணக் காட் மோசடி பற்றி மக்களை எச்சரித்தார்கள். இப்படியான செயலி நிறுவப்பட்டதும் குறுஞ்செய்திகளை வாசிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் திருடனுக்கும் போய்ச் சேரும். பிறகு உங்கள் பெயரிலேயே மற்றவர்களுக்கும் அதே கோப்பு போகலாம். அதனால் தெரிந்தவரின் இலக்கத்திலிருந்து வந்தது என்பது ஒரு உத்தரவாதமே அல்ல.

சகோதரி அனுமதிக் கட்டத்தில் நின்றுவிட்டார். apk கோப்பு தொலைபேசிக்குள் வந்து கிடப்பதால் மட்டும் கேடு வராது, நிறுவினால்தான் ஆபத்து. கோப்பை அழித்தோம். அத்தானிடம் செய்தியில் கேட்காமல், குரல் அழைப்பு எடுத்துக் கேட்கச் சொன்னேன். "நான் ஒண்டும் அனுப்பேல்லையே" என்றார் அவர்.

குரோம் போன்ற இணைய உலாவிகள் தரவிறக்கத்தைத் தடுத்து எச்சரிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தக் காவல், உலாவி வழியாக வருகிற கோப்புக்குத்தான். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பின் முன் அது நிற்பதில்லை.

எல்லா எச்சரிக்கையும் ஒன்றல்ல என்பதையும் அந்தச் சகோதரியின் கணினியிலேயே காணக் கிடைத்தது. தட்டச்சுக்காக இ-கலப்பை போன்ற ஒரு exe கோப்பை அவர் தரவிறக்கப் போனால், இது அதிகம் பேர் எடுக்காத கோப்பு என்று உலாவி தடுக்கலாம். தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்து தருகிற தமிழ் மென்பொருட்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எடுப்பவர்கள் குறைவு. தயாரித்தவர் யாரென்று காட்டும் மின் சான்றிதழ் வாங்கக் காசு வேண்டும். ஆகவே உலாவிக்கு அந்தக் கோப்பைத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாதது என்பதும் கெட்டது என்பதும் வேறு வேறு. 2024 முதல் குரோம் இதைப் பிரித்தே காட்டுகிறது. Suspicious என்றால் சந்தேகம். Dangerous என்றால் கெட்டது என்று அதற்குப் பெரும்பாலும் நிச்சயம். அங்கே வாதாடாமல் அழித்துவிடுங்கள்.

சந்தேகம் என்று வந்தால் நான் பார்ப்பது, அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்தேனா என்பதைத்தான். தேடலில் முதலாவதாக வரும் விளம்பரமும், யாரோ அனுப்பிய இணைப்பும் சொந்தத் தளம் ஆகா. பிறகு கோப்பை virustotal.com தளத்தில் ஏற்றுவேன். பல வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் அதைச் சோதித்துச் சொல்லும். பல பெயர்கள் சிவப்பில் வந்தால் விட்டுவிட வேண்டும். ஒன்றும் வராவிட்டால் ஓரளவு நிம்மதி, முழு நிம்மதி அல்ல. நேற்றுச் செய்த வைரஸை இன்று எவருக்கும் தெரியாதிருக்கலாம். அங்கே ஏற்றுவதை வேறு நிறுவனங்களும் பார்க்க முடியும் என்பதால் அடையாள அட்டைப் பிரதி, காணாமற்போனோர் தொடர்பான விண்ணப்பங்கள் போன்றவற்றை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

zip என்பது பல கோப்புகளைக் கட்டிய மூட்டை. அச்சகத்திலிருந்து வேலை அப்படித்தான் வரும், அதில் குற்றமில்லை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. விண்டோஸ் வழமையாகக் கோப்புப் பெயரின் வாலை மறைத்துவிடும், அதனால் list.pdf.exe என்பது list.pdf என்று மட்டும் தெரியும். கோப்புறைச் சாளரத்தில் View பகுதிக்குப் போய் File name extensions என்பதைத் தெரிவு செய்தால் முழுப் பெயரும் தெரியும். மூட்டைக்குக் கடவுச்சொல் போட்டு, அதை அதே மின்னஞ்சலில் எழுதியிருந்தால் கூடுதலாகச் சந்தேகியுங்கள். பூட்டிய மூட்டைக்குள் எந்தச் சோதனையும் எளிதில் எட்டிப் பார்க்காது.

அத்தான் அந்தக் கோப்பை இரண்டு நாட்களுக்கு முன் தானே நிறுவியிருந்தார். உடனே தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மனைவியின் தொலைபேசியிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொன்னோம். அதன் பின்தான் செயலியை நீக்கி, கடவுச்சொற்களை மற்றத் தொலைபேசியிலிருந்து மாற்றினார். இலங்கையில் இப்படியானவற்றை 101 என்ற இலக்கத்தில் இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவிடமும் முறையிடலாம். தெரிந்தவர்களுக்கு அவர் ஒவ்வொருவராய் அழைத்துச் சொல்லி முடிக்க இரவாகிவிட்டது.