கிளம்பியிருந்தால் தவறவிட்டிருக்க மாட்டேன்: வருத்தத்தைச் சொல்லும் பிரெஞ்சு வாக்கியம்

நடக்காமல் போன ஒன்றை நினைத்து வருந்திச் சொல்லும் பிரெஞ்சு வாக்கியத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ‘ஸி’ என்ற சொல்லில் தொடங்கும் பாதி நிபந்தனையைச் சொல்கிறது. மற்றப் பாதி, அந்த நிபந்தனை நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. இரண்டும் கடந்த காலத்தைப் பற்றியவை. இரண்டுமே உண்மையில் நடக்காதவை. ஆனாலும் பிரெஞ்சு இலக்கணம் இரண்டுக்கும் ஒரே வினைவடிவத்தைத் தருவதில்லை. நிபந்தனைப் பாதி ஒரு வடிவத்தையும் விளைவுப் பாதி வேறொரு வடிவத்தையும் கேட்கிறது. இந்த வாக்கியத்தில் நேரும் பெரும்பாலான பிழைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

“சீக்கிரம் கிளம்பியிருந்தால் ரயிலைத் தவறவிட்டிருக்க மாட்டேன்” என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். பிரெஞ்சில் அது இப்படி அமையும்:

```
Si j'étais parti plus tôt, je n'aurais pas raté le train.
```

நிபந்தனைப் பாதி

முதல் பாதியில் வந்திருக்கும் வடிவத்துக்குப் பிரெஞ்சு இலக்கணத்தில் ‘ப்ளுஸ்-கெ-பர்ஃபே’ என்று பெயர். கடந்த காலத்தில் ஒரு புள்ளியில் நின்று, அதற்கும் முன்னால் முடிந்துவிட்ட செயலைச் சொல்லும் வடிவம் இது. ஒரு துணைவினையும் முதன்மை வினையின் எச்ச வடிவமும் சேர்ந்து இது உருவாகிறது. துணைவினை ‘அவுவார்’, ‘எத்ர்’ என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவதற்கு ‘உடைத்தாயிருத்தல்’ என்றும் இரண்டாவதற்கு ‘இருத்தல்’ என்றும் பொருள். அந்தத் துணைவினை இங்கே தொடர்நிலைக் கடந்த காலத்தில் நிற்கிறது.

தமிழில் ‘கிளம்பி’ என்ற எச்சத்தோடு ‘இருந்தால்’ சேர்வதைப் போலத்தான் இதன் கட்டமைப்பும். ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்பதற்கும் ‘பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசுபவர் யோசிக்காமலே உணர்வார். முதல் வாக்கியம் இன்றைய நிலையைக் குறிக்கிறது. இரண்டாவது, கைநழுவிப் போன நேற்றைக் குறிக்கிறது. பிரெஞ்சிலும் இதே பிரிவு உண்டு. ‘ஸி’க்குப் பிறகு தொடர்நிலைக் கடந்த காலம் தனியாக வந்தால், இன்று இல்லாத ஒன்றைக் கற்பனை செய்வதாகப் பொருள். அதனோடு முதன்மை வினையின் எச்ச வடிவமும் சேர்ந்தால், கற்பனை கடந்த காலத்துக்குப் போய்விடுகிறது.

எந்தத் துணைவினையைப் பயன்படுத்துவது என்பது முதன்மை வினையைப் பொறுத்தது. பெரும்பாலான வினைகள் ‘அவுவார்’ எடுக்கும். போதல், வருதல், கிளம்புதல், பிறத்தல், இறத்தல், விழுதல் போன்ற ஒரு சிறு குழுவும், செயல் செய்பவரிடமே திரும்பும் வினைகள் அனைத்தும் ‘எத்ர்’ எடுக்கும். மேலே உள்ள வாக்கியத்தில் கிளம்புதல் இரண்டாம் வகை. தவறவிடுதல் முதல் வகை. ஒரே வாக்கியத்தின் இரு பாதிகளில் இரண்டு வேறு துணைவினைகள் வந்திருப்பது இதனால்தான். ‘எத்ர்’ வந்தால் எச்ச வடிவம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். பேசுபவர் பெண்ணாக இருந்தால் முதல் பாதியை இப்படி எழுத வேண்டும்:

```
Si j'étais partie plus tôt...
```

கூடுதலாக வந்த அந்த எழுத்து காதுக்குக் கேட்காது. அதனால்தான் பேச்சில் சரியாகச் சொல்பவரும் எழுத்தில் இதை விட்டுவிடுகிறார்.

விளைவுப் பாதி

இரண்டாம் பாதியின் வடிவம் ‘கோந்திஸ்யோனெல் பஸ்ஸே’. இதிலும் துணைவினையும் எச்ச வடிவமும் உண்டு. மாறுவது துணைவினையின் வடிவம் மட்டுமே. அது எப்படி உருவாகிறது என்பதைக் கவனித்தால் இந்த இலக்கணம் முழுவதும் தெளிவாகிவிடும். எதிர்காலத்துக்குரிய அடிச்சொல்லை எடுத்து, அதன் பின்னால் தொடர்நிலைக் கடந்த காலத்துக்குரிய விகுதியைச் சேர்க்கிறார்கள்.

```
aur + ais = aurais
ser + ais = serais
```

எதிர்கால அடியும் கடந்த கால விகுதியும் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. அன்று இனிமேல் நடக்கவிருந்தது, ஆனால் நடக்காமலே கடந்துபோனது என்ற பொருள் அந்தச் சொல்லின் உருவத்திலேயே இருக்கிறது.

தமிழ் பேசுபவர் தடுக்கி விழும் இடமும் இதுவே. தமிழில் விளைவுப் பாதி ‘தவறவிட்டிருப்பேன்’, ‘வந்திருப்பார்’ என்று எதிர்கால வடிவத்திலேயே முடிகிறது. அதை அப்படியே பிரெஞ்சுக்குக் கொண்டுபோகும் மாணவர் எதிர்கால வடிவத்தை எழுதிவிடுவார். தன்மை ஒருமையில் இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு கடைசி எழுத்து ஒன்றுதான். பிரெஞ்சு பேசுபவர்களில் பலர் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள். அதனால் பிரான்சில் பிறந்து வளர்ந்தவர்களும் எழுதும்போது இதே பிழையைச் செய்கிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. எழுவாயைப் படர்க்கைக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்தால் இரண்டு வடிவங்களும் ஒலியிலேயே பிரிந்துவிடும்.

```
Il aura raté son train.
Il aurait raté son train.
```

தமிழில் இரண்டையும் ‘அவர் ரயிலைத் தவறவிட்டிருப்பார்’ என்றே சொல்லலாம். ஆனால் முதல் வாக்கியம் ஓர் ஊகம். ஆள் இன்னும் வந்து சேரவில்லை, ரயிலைத் தவறவிட்டிருக்கக்கூடும் என்று காத்திருப்பவர் சொல்வது. ‘ஸி’ பாதியோடு சேர்ந்து வரும்போது இரண்டாவது வாக்கியம், அவர் உண்மையில் ரயிலைப் பிடித்துவிட்டார், நிலைமை வேறாக இருந்திருந்தால்தான் தவறவிட்டிருப்பார் என்று பொருள்படும். சூழலை வைத்துத் தமிழ் பிரித்துக் காட்டும் இரண்டு பொருள்களை, பிரெஞ்சு வினைவடிவத்தை வைத்தே பிரித்துவிடுகிறது.

‘ஸி’க்குப் பின் வரக்கூடாதது

விளைவுப் பாதியின் வடிவத்தை நிபந்தனைப் பாதியிலும் போடுவது மிகப் பரவலான பிழை. பேசுபவரின் மனத்தில் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி கற்பனையானவை என்பதால், இரண்டுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுக்கத் தோன்றுகிறது. பிரெஞ்சுக் குழந்தைகளும் இப்படியே பேசத் தொடங்குகிறார்கள். அவர்களுக்காகப் பள்ளிகளில் ஒரு வாசகம் சொல்லித் தருவார்கள். ‘ஸி’க்கு ‘ரே’ பிடிக்காது என்பது அதன் கருத்து. அதே ஒலியில் ‘ரம்பங்களுக்குத் திருக்கை மீன்கள் பிடிக்காது’ என்ற பொருளும் வருவதால் குழந்தைகள் அதை மறப்பதில்லை.

இந்தப் பிழை பிரெஞ்சுத் திரைப்படத்திலும் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. லூயி பெர்கோ 1912இல் எழுதிய நாவலை வைத்து, இவ் ரோபேர் 1962இல் ‘பொத்தான்களின் போர்’ என்ற படத்தை எடுத்தார். அதில் வரும் சின்னஞ்சிறு பையன் ‘ப்தி ஜிபூஸ்’, தான் வந்ததற்கு வருந்திச் சொல்லும் வசனம் பிரான்சில் பலருக்கும் மனப்பாடம். அந்த ஒரு வசனத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன: ‘ஸி’க்குப் பின் விளைவு வடிவம் வருகிறது, ‘வருதல்’ என்ற வினைக்கு ‘எத்ர்’ வரவேண்டிய இடத்தில் ‘அவுவார்’ வருகிறது. இரண்டையும் திருத்தினால் வாக்கியம் இப்படி இருக்கும்:

```
Si j'avais su, je ne serais pas venu.
```

தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்பது இதன் பொருள்.

பள்ளி வாசகத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ‘ஸி’ என்ற சொல் நிபந்தனைக்கு மட்டுமல்லாமல், மறைமுகக் கேள்விக்கும் பயன்படுகிறது. ‘நான் தேறியிருப்பேனா என்று யோசிக்கிறேன்’ என்பதில் வரும் ‘ஆ என்று’ அந்த வகை. அங்கே ‘ஸி’க்குப் பின் விளைவு வடிவம் வருவது சரியே.

```
Je me demande si j'aurais réussi.
```

‘ஸி’ இருக்கும் இடத்தில் தமிழில் ‘-ஆல்’ வருகிறதா, ‘-ஆ என்று’ வருகிறதா என்று பார்த்தால் போதும். ‘-ஆல்’ வந்தால் வாசகத்தின் தடை பொருந்தும்; ‘-ஆ என்று’ வந்தால் பொருந்தாது.

வருத்தத்தின் வேறு வடிவங்கள்

வருத்தம் எப்போதும் இரண்டு பாதிகளோடு வருவதில்லை. நிபந்தனைப் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், சொல்லாமல் விட்டதே வருத்தமாகிவிடும். ‘மட்டும்’ என்று பொருள் தரும் ‘ஸெல்மா’ என்ற சொல் அதை இன்னும் அழுத்துகிறது. விளைவுப் பாதியை மட்டும் சொல்வதும் உண்டு. கடமையைக் குறிக்கும் வினையோடு அந்த வடிவம் சேர்ந்தால் ‘செய்திருக்க வேண்டும்’ என்ற பொருளும், இயலுவதைக் குறிக்கும் வினையோடு சேர்ந்தால் ‘செய்திருக்கலாம்’ என்ற பொருளும் கிடைக்கும்.

```
Si seulement j'avais su !
J'aurais dû partir plus tôt.
Tu aurais pu me prévenir.
```

முதலாவது ‘தெரிந்து மட்டும் இருந்தால்!’ என்ற ஏக்கம். இரண்டாவது ‘சீக்கிரம் கிளம்பியிருக்க வேண்டும்’ என்று தன்னையே நொந்துகொள்வது. மூன்றாவது முன்னிலையில் வருவதால், ‘நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்’ என்று வருத்தம் குறையாக மாறுகிறது.

செயல் கடந்துபோனாலும் அதன் விளைவு இன்றுவரை நீடிப்பதுண்டு. அப்போது நிபந்தனைப் பாதி பழைய வடிவிலேயே இருக்க, விளைவுப் பாதி நிகழ்காலத்துக்கு வந்துவிடும். துணைவினையும் எச்ச வடிவமும் சேர்ந்த கூட்டு வடிவம் அங்கே தேவையில்லை. ‘மருத்துவம் படித்திருந்தால் இன்று மருத்துவராக இருப்பேன்’ என்பது இந்த வகை:

```
Si j'avais étudié la médecine, je serais médecin aujourd'hui.
```

இதே விளைவு வடிவம் செய்தித்தாள்களிலும் அடிக்கடி கண்ணில் படும். உறுதிப்படாத தகவலைப் பொறுப்பேற்காமல் சொல்ல நிருபர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் அமைச்சர் பதவி விலகியதாகக் கூறப்படுகிறது என்பதை அந்த வடிவத்தில் எழுதினால், அதில் வருத்தமும் இல்லை, நடக்காத நிபந்தனையும் இல்லை. வாக்கியத்திலோ சூழலிலோ நிபந்தனை எதுவும் தென்படாதபோது இந்தப் பொருளையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

எழுதி முடித்த வாக்கியத்தைச் சரிபார்க்க மூன்று கேள்விகள் போதும். ‘ஸி’க்குப் பின் நிற்கும் துணைவினை தொடர்நிலைக் கடந்த காலத்தில் இருக்கிறதா? மற்றப் பாதியின் துணைவினையில் எதிர்கால அடியும் கடந்த கால விகுதியும் சேர்ந்து இருக்கின்றனவா? ஒவ்வொரு வினைக்கும் உரிய துணைவினை வந்து, ‘எத்ர்’ உள்ள இடத்தில் எச்ச வடிவம் எழுவாயோடு பொருந்துகிறதா? பாதிகளின் வரிசையை மாற்றி விளைவை முன்னால் வைத்தாலும் இந்த மூன்று விதிகளும் மாறுவதில்லை.