பீரோவில் கிடைத்த பத்திரம்

அண்ணன் தம்பி பாகவழக்கு ஒன்று சார்பு நீதிமன்றத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்குப் போட்டவர் தம்பி. நிலம் தன் சொந்தப் பணத்தில் வாங்கியது என்கிறார் அண்ணன். நான்கு வருடம் ஓடிய பிறகு, பழைய பீரோவைக் காலி செய்யும்போது அப்பா பெயரில் 1974-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்று தம்பிக்குக் கிடைக்கிறது. உடனே வக்கீல் குமாஸ்தாவுக்கு, “சார், முக்கியமான டாக்குமென்ட் கிடைச்சிருக்கு. அடுத்த வாய்தா எப்போ?” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பதில் வராது. குமாஸ்தாவின் மேஜையில் நூறு கட்டுகள் இருக்கும். எந்த வழக்கு என்பதே இதில் இல்லை.

இப்படி எழுதியிருக்கலாம்: “ஐயா, சார்பு நீதிமன்ற அசல் வழக்கு எண் 112/2021, நான் வாதி. அப்பா பெயரில் 1974-இல் பதிவான கிரயப் பத்திரம், எண் 846, அசலாகவே போன ஞாயிறு வீட்டு பீரோவில் கிடைத்தது. அண்ணன் சொந்தமாக வாங்கியதாகச் சொல்லும் அதே சர்வே எண்தான். எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியுள்ளேன். அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காகப் போட்டிருக்கிறார்கள்? நான் வரவேண்டுமா?”

எங்கே, எப்போது கிடைத்தது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வக்கீலுக்கு முதலில் வேண்டியது அதுதான். வாதி தன் ஆவணங்களை வழக்குரையோடு தாக்கல் செய்திருக்க வேண்டும்; பின்னால் கொண்டுவந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளை 14-ஆம் விதிப்படி நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும். மனுவோடு சேரும் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். அதனால் பீரோவில் கிடைத்ததை, பீரோவில் கிடைத்தது என்றே சொல்லுங்கள்.

படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் விடாதீர்கள். பழைய பத்திரங்களில் சார்பதிவாளரின் பதிவுக் குறிப்பும் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கையில் இருப்பது ஜெராக்ஸ் மட்டும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க நாள் பிடிக்கும்.

தேதி மட்டும் தெரிய வேண்டுமென்றால் குமாஸ்தாவைத் தேட வேண்டியதில்லை. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தெரியும், எந்தக் கட்டம் என்பதும் இருக்கும். ஆனால் அன்றைக்குள் மனு தயாராகுமா என்பதைச் செயலி சொல்லாது. வாதியின் சாட்சியம் முடிந்து, வாதத்துக்குப் போட்டிருந்தால் சங்கடம் அதிகம். பத்திரத்தைக் குறியீடு செய்ய, முடிந்த சாட்சியத்தைத் திறக்கவும் சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றவும் தனித்தனி மனு தேவைப்படலாம். வாய்தாவுக்கு முதல் நாள் இரவு சொன்னால் எந்த வக்கீலாலும் இதைச் செய்ய முடியாது.

அசலைத் தபாலில் அனுப்பாதீர்கள். நேரில் கொடுத்து, பத்திர எண்ணையும் தேதியையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.