உஷார்! மழைக்கணக்கில் காலிக் கட்டம் வந்தால் சைபர் போடாதீர்கள்

மூணாறு, பீர்மேடு, குமுளி பக்கமும், இங்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு வட்டாரத்திலும் காலை வேளையில் மழையளவையும் அணை நீர்மட்டத்தையும் தொகுத்து ஊருக்குச் சொல்கிற எல்லோருக்கும் இது. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், பஞ்சாயத்து ஊழியர், உள்ளூர் கேபிள் சேனல்காரர், யாராக இருந்தாலும் சரி. அடுத்த பெருமழையில் உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக வரத்தான் போகிறது. அந்தக் கட்டத்தில் அவசரத்துக்கு எதையாவது போட்டு அனுப்பினால், தப்பான எண்ணை நம்பி ஒரு லயமே இரவில் தூங்கப் போய்விடும்.

இந்தப் பேச்சு உங்களுக்குப் புதிதாக இருக்காது:

"அண்ணே, மூணாறு இன்னும் வரல."

"மணி ஒம்பதரை ஆயிடுச்சேப்பா. நேத்து போட்டதையே போட்டு அனுப்பு. வந்ததும் மாத்திக்கலாம்."

மாற்றுவது இரண்டாம் விஷயம். முதலில் அந்தக் கட்டம் கணக்கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இடுக்கி மாவட்ட மழைப் பட்டியலில் வழக்கமாக வரும் ஐந்து இடங்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. மூணாறு 230 மில்லிமீட்டர், பீர்மேடு 170, இடுக்கி 110, தொடுபுழா 80, மயிலாடும்பாறை 40. கூட்டினால் 630, சராசரி 126. இப்போது மூணாறு வரவில்லை. காலியாக விட்டு நான்கால் வகுத்தால் 100. நேற்றைய 50-ஐயே போட்டு ஐந்தால் வகுத்தால் 90. சைபர் போட்டால் 80. மழை ஒன்றுதான், ஆனால் 126 என்று போயிருக்க வேண்டியது 80 என்று போகிறது. பார்க்கிறவர், "பரவாயில்லையே, நினைத்த அளவுக்குப் பெய்யவில்லை" என்பார்.

சராசரி குறைந்தது மட்டுமல்ல. 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டர் தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. அந்த வரம்பு ஒவ்வொரு இடத்தின் அளவுக்கும் உரியது, மாவட்டச் சராசரிக்கு அல்ல. நம் கணக்கில் அதிகனமழை பெய்த ஒரே இடம் மூணாறுதான். காணாமல் போனதும் அதுதான். சராசரியை மட்டும் பார்த்தவருக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது.

மயிலாடும்பாறை வராமல் போயிருந்தால் சராசரி 147-க்கு மேல் ஏறியிருக்குமே, அதுவும் தப்புதானே என்று கேட்கலாம். தப்புதான். ஆனால் மலையில் எந்த மானி எப்போது சாகிறது என்று யோசியுங்கள். மழை கொட்டும் இடத்தில்தான் மரம் விழுந்து கரண்ட் போகிறது. டவரின் பேட்டரி தீருவதும், சோலார் தகடு நாள்கணக்கில் வெயில் பார்க்காமல் கிடப்பதும் அங்கேதான். ஆகவே பெருமழை நாளில் விடுபடுவது பெரும்பாலும் பெரிய எண். மிச்சமிருப்பதை வைத்துப் போடும் சராசரி தாழ்ந்தே நிற்கும், அதுவும் எந்த நாளில் தாழக் கூடாதோ அந்த நாளில்.

இது நடந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தரை மணிக்கு மேல், ராஜமலை பக்கம் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். பெட்டிமுடியில் கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியுலகுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில். பெரியவரைப் பாலம் அடித்துப்போயிருந்ததால் மீட்பு வண்டிகளும் திணறின. எஸ்டேட் மழைமானியில் ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் பதிவான கதை பின்னால்தான் ஊரெல்லாம் பேசப்பட்டது. அந்த இரவில் பெட்டிமுடியிலிருந்து வந்தது மௌனம் மட்டுமே. மௌனத்துக்குக் கட்டம் நம் அட்டவணை எதிலும் இல்லை.

மழை இல்லாததற்கும் அளவு வராததற்கும் உள்ள வித்தியாசத்தை வானிலைக்காரர்கள் எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். உலகம் முழுக்க நிலையங்கள் அனுப்பும் சினாப் குறிச்செய்தியில் மழைக்கென்றே ஓர் எண் உண்டு. மழை பெய்யவில்லை, அதனால் அளவைத் தரவில்லை என்றால் 3. அளவு கிடைக்கவில்லை, அதனால் தரவில்லை என்றால் 4. இரண்டிலும் மழையளவு வராது, ஆனால் காரணம் வேறு. இந்திய வானிலைத் துறையின் மாவட்ட மழை வரைபடத்திலும் 'மழை இல்லை' ஒரு நிறம், 'தரவு இல்லை' வேறொன்று. நம்மூர் எக்செல் தாளில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அந்தத் தாளைத் திறந்தே பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதித் தப்பு கையால் அல்ல, சூத்திரத்தால் நடக்கிறது. `AVERAGE` காலிக் கட்டத்தை விட்டுவிட்டு, இருப்பவற்றை மட்டும் வகுக்கும். சைபர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். நாள் தாளிலிருந்து மாதத் தாளுக்கு `='நாள்'!B5` என்று இழுத்தால், மூலக் கட்டம் காலியாக இருக்கும்போது எக்செல் அங்கே 0 காட்டும். அதன் மேல் `AVERAGE` போட்டால் அந்த 0 கணக்கில் ஏறிவிடும். யாரும் சைபர் தட்டவே இல்லை, ஆனாலும் சைபர் வந்து உட்கார்ந்துவிட்டது. இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=IF('நாள்'!B5="","வரவில்லை",'நாள்'!B5)
```

எழுத்து இருக்கும் கட்டத்தை `AVERAGE` சேர்க்காது. பார்க்கிறவருக்கும் விஷயம் தெரியும்.

சரி, கட்டம் காலி, மணி ஒன்பதரை, ஆட்கள் கேட்கிறார்கள். பழையதைப் போடுவதா, இருப்பதைப் போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா?

பழைய மழையளவை ஒருநாளும் போடாதீர்கள். மழை என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் எட்டரை வரை சேர்ந்த கூட்டுத்தொகை. நேற்றைய கூட்டுத்தொகை இன்றைய மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அணை நீர்மட்டம் வேறு ஜாதி. அது அந்த நேரத்து நிலை. காலை 6 மணிக்கு எடுத்த முல்லைப்பெரியாறு மட்டம் பகல் 12 மணிக்கும் ஓரளவு உதவும், ஆனால் நேரத்தைக் கூடவே போட வேண்டும். நீர்வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமாக இருந்தால் 'குறைந்தது இவ்வளவு' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏறுகிற தண்ணீரில் பழைய மட்டம் எப்போதும் குறைத்தே காட்டும். பெரிய அணைக்கு ஆறு மணி நேரப் பழசைத் தாங்கலாம். மலையோடைக்கு அரை மணிக்கு முந்தையதே குப்பை.

பழசு எவ்வளவு தைரியமாகப் பொய் சொல்லும் என்பதற்குப் பாலக்காட்டிலேயே ஒரு சம்பவம் உண்டு. 2022 செப்டம்பர் 21 அதிகாலை, பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர் பிய்த்துக்கொண்டது. அதுவரை ஷட்டர்கள் கொஞ்சமாகத்தான் திறந்திருந்தன. பிறகு விநாடிக்கு 20,000 கனஅடி அளவுக்குத் தண்ணீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்து வெளியேற்றத்தைக் கணக்கிடுகிறவர், முந்தைய திறப்பையே போட்டிருந்தால் பழைய சின்ன எண்ணைத்தான் அச்சடித்திருப்பார். எண் பார்க்கச் சுத்தமாக இருக்கும், கட்டமும் காலியாக இருக்காது. கீழே பெரிங்கல்குத்து அணைக்கு வரும் தண்ணீரோடு ஒத்துப்பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மேலே ஒரு தகவல், கீழே ஒரு தகவல் என்று எப்போதும் இரண்டை வைத்திருங்கள். இரண்டும் முரண்பட்டால், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதை நம்புங்கள்.

இருப்பதை மட்டும் போடுவது பெரும்பாலும் சரிதான், ஆனால் சராசரி இல்லாமல். இடத்தின் பெயர், அளவு, எடுத்த நேரம் என்று வரிசையாகக் கொடுங்கள். வராத இடத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால், வராதது என்பதே மறைந்துபோகும். 'நேற்றைவிடக் குறைவு' என்று எழுதத் தோன்றினால் நேற்றும் அதே நான்கு இடங்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஐந்தோடு நான்கை ஒப்பிட்டுத் தலைப்பு போட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

எப்போது மாவட்ட எண்ணையே நிறுத்த வேண்டும்? ஒரு சின்னச் சோதனை போதும். வராத இடத்துக்கு, அங்கே நடக்கக்கூடிய பெரிய மழையையும் சின்ன மழையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் நீங்கள் சொல்லப்போகும் சேதி ஒன்றாகவே இருந்தால் சொல்லுங்கள். நம் கணக்கில் மூணாறுக்கு 20 போட்டால் சராசரி 84, 300 போட்டால் 140. ஒன்று சாதாரணமாகத் தெரியும், இன்னொன்று பயமுறுத்தும். அப்படியானால் அந்த எண்ணை வெளியிடக் கூடாது. வெளியிடாமல் இருப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது அல்ல. "மூணாறு அளவு காலையிலிருந்து வரவில்லை. பக்கத்து இடங்களில் கனமழை. மலைச்சரிவில் இருப்பவர்கள் அளவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்" என்று எழுத உங்களுக்கு ஒரு எண்ணும் தேவையில்லை.

ஒவ்வொரு மௌனத்துக்கும் சங்கு ஊதினால் நாலாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுவும் உண்மை. தானியங்கி மானியின் புனலில் இலை அடைத்திருக்கும், குளவி கூடு கட்டியிருக்கும். அப்போது அது மௌனமாகக்கூட இருக்காது, கொட்டும் மழையில் 0, 0, 0 என்று ஒழுங்காக அனுப்பும். சுற்றிலும் 100-க்கு மேல் பெய்ய, நடுவில் ஒன்று மட்டும் சைபர் காட்டினால் அதையும் 'வரவில்லை' கணக்கில் தள்ளுங்கள். வெயில் நாளில் ஒரு மானி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மழை நாளில் நின்றால் அந்த இடத்துக்கே போன் போடுங்கள். எஸ்டேட் ஆபீஸ், மின்வாரிய செக்‌ஷன், வனத்துறை செக்போஸ்ட் மூன்றும் எடுக்கவில்லையென்றால் தாலுகா ஆபீஸுக்குச் சொல்லுங்கள். எட்டரைக்கு வராததை மறுநாள் எட்டரை வரை விட்டுவைக்கக் கூடாது.

டவர் உயிர் பெற்ற பிறகும் ஒரு வேலை இருக்கிறது. தேங்கிக் கிடந்த அளவுகள் ஒரே மூட்டையாக வரும். கையால் அளக்கும் மானியென்றால் மூன்று நாள் மழை ஒரே அளவாக வந்து நிற்கும். அதை வந்து சேர்ந்த நாளின் பேரில் எழுதினால் வெறும் 60 மில்லிமீட்டர் நாள் 210 ஆகிவிடும். 'மூன்று நாள் சேர்த்து' என்று குறித்து, முந்தைய இரண்டு நாளைக் காலியாகவே விடுங்கள். ஏற்கெனவே அனுப்பிய பட்டியலை அழிக்க வேண்டாம். அதன் கீழேயே திருத்திய அளவையும் அது கைக்கு வந்த நேரத்தையும் எழுதி, முதலில் யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கே மறுபடியும் அனுப்பிவிடுங்கள்.